அட்டிகையின் கொக்கி எட்டாதபோது

அந்த அம்மாவுக்கு வயது 66. ஆஷிமோட்டோ தைராய்டு அழற்சிக்காகப் பதினெட்டு வருடமாகத் தைராக்ஸின் சாப்பிடுகிறார். ஆவணிக் கல்யாணத்துக்குப் போட்ட அட்டிகையை ஐப்பசியில் எடுத்தால் கொக்கி எட்டவில்லை. குரல் கம்மியிருந்தது, மல்லாந்து படுத்தால் மூச்சு இழுத்தது. டி.எஸ்.எச். அளவு சரியாகத்தான் இருந்தது. அதைப் பார்த்து வீட்டில் எல்லோரும் நிம்மதியானார்கள். ஆனால் அந்த ரத்தப் பரிசோதனை ஹார்மோன் போதுமா என்று மட்டுமே சொல்லும். கழலை ஏன் வளர்கிறது என்று சொல்லாது.

ஆஷிமோட்டோவில் உடலின் காவல் அணுக்களான லிம்போசைட்டுகள் தைராய்டுக்குள் புகுந்து குடியிருக்கின்றன. வருடக்கணக்கில் பெருகிக்கொண்டே இருக்கும் அந்தக் கூட்டத்தில் அபூர்வமாக ஒன்று கட்டுமீறிப் பெருகினால், அதுதான் லிம்போமா. ஆஷிமோட்டோ உள்ளவர்களில் மிகச் சிலருக்கே இது வரும். சாதாரணக் கழலை வருடங்களில் வளரும். இதுவோ சில வாரங்களில் பெருத்துவிடும்.

சிக்கல் ஊசியில் ஆரம்பிக்கிறது. மெல்லிய ஊசியால் உறிஞ்சிய சாம்பிளில் லிம்போசைட்டுகள் நிறைய இருந்தன. ஆஷிமோட்டோ என்றாலும் அவைதானே இருக்கும்! 'பழைய நோய்தான்' என்று ரிப்போர்ட் வந்தது. கழலையின் வேகத்தோடு அது பொருந்தாததால், தடித்த ஊசியால் சதைத் துணுக்கெடுத்துச் சிறப்புச் சாயப் பரிசோதனைகள் செய்தார்கள். வேகமாக வளரும் பி-அணு லிம்போமா என்று தெரிந்தது. கழலையை அறுத்தெடுக்கும் வேலையே இல்லை. கீமோ மருந்துகளோடு ரிட்டுக்ஸிமாப், பிறகு கதிர்வீச்சு.

ஒரு எச்சரிக்கை: மூச்சு முட்டுகிறதே என்று முதலில் ஸ்டீராய்டு கொடுத்தால் லிம்போமா சட்டென்று சுருங்கும். பிறகு எடுக்கும் பயாப்ஸியில் நோயின் அடையாளமே கிடைக்காமல் போகலாம். உயிருக்கு ஆபத்தென்றால் வேறு வழியில்லை. மற்றபடி துணுக்கு முதலில், ஸ்டீராய்டு பிறகு.

தொட்டால் கல்லாய் இருந்து, விழுங்கும்போது மேலேறி இறங்காமல் ஒட்டியிருக்கும் கழலை இன்னொரு ரகம். 1896-ல் ஜெர்மன் அறுவை மருத்துவர் ரீடல் அதை 'இரும்புக் கெட்டி' என்று எழுதினார். மிக அரிதான நோய் இது. நார்த்திசு தைராய்டை விழுங்கிவிட்டுச் சுற்றியுள்ள தசை, மூச்சுக்குழல், குரல் நரம்பு என்று வெளியேயும் படரும். கைக்கு அசல் புற்றுநோய்போலவே தெரிவதால் துணுக்கெடுத்துப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல முடியாது. இங்கேயும் மெல்லிய ஊசி ஏமாற்றும், ஆனால் வேறு விதமாக: உறிஞ்சினால் ஒன்றுமே வராது. பெரும்பாலும் கழுத்தைத் திறந்துதான் துணுக்கெடுக்க வேண்டியிருக்கும்.

அங்கே தடயத்தை அழிக்கிற ஸ்டீராய்டுதான் இங்கே முதல் மருந்து. சிலருக்குத் தமாக்ஸிபெனும் கைகொடுக்கிறது. முழுத் தைராய்டையும் எடுக்கப் போனால் எது நரம்பு, எது நார் என்று பிரித்தறிய முடியாது. அதனால் மூச்சுக்குழலை நெரிக்கும்போது மட்டும் நடுப்பகுதியில் ஆப்புபோல ஒரு துண்டை வெட்டியெடுத்து, காற்றுக்கு வழிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள்.