காய்கறி 65 கலோரி, மேலே பிழிந்த மயோனீஸ் 300 கலோரி!

"வெறும் இலையும் காயும்தானே சாப்பிடறேன், அப்புறம் ஏன் எடை குறையல?" இரண்டு மாதங்களாக இரவில் சாலட் மட்டும் சாப்பிட்டு வந்த என் அம்மா, எடை பார்க்கும் கருவியில் இருந்து இறங்கிக்கொண்டே கேட்ட கேள்வி இது. இனிப்புநீர் இருப்பதால் எடையைக் குறைக்கும்படி மருத்துவர் சொல்லியிருந்தார். அதற்காகத்தான் வழக்கமான இரண்டு சப்பாத்தியையும் பருப்பையும் அம்மா விட்டிருந்தார்.

அன்றிரவு அவருடைய சாலட்டைச் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தோம். சாலட் இலை 80 கிராம், வெள்ளரிக்காய் 100, தக்காளி 100, கேரட் 50. ஒரு பெரிய கிண்ணம் நிறைய இருந்த இவை எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கிடைத்தது சுமார் 65 கலோரிதான். பிறகு அம்மா வழக்கம்போல் மயோனீஸ் பாட்டிலை எடுத்து மூன்று சுற்றுப் பிழிந்தார். கிண்ணத்தின் எடை 45 கிராம் கூடியது. அந்தப் பாட்டிலில் 100 கிராமுக்கு 680 கலோரி என்று அச்சிட்டிருந்தது. அப்படியானால் 45 கிராமுக்கு 306 கலோரி. காய்கறியைப் போல ஏறக்குறைய ஐந்து மடங்கு!

இதற்குக் காரணம் எளிது. வெள்ளரி, தக்காளி போன்ற காய்களில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். தண்ணீரில் கலோரி கிடையாது. மயோனீஸ் அதற்கு நேர்மாறானது. வழக்கமான மயோனீஸில் பெரும்பங்கு எண்ணெய்தான். முட்டையின் மஞ்சள் கரு அந்த எண்ணெயைக் கண்ணுக்குத் தெரியாத சிறு துளிகளாக்கி, வினிகரோடு பிரியாமல் பிடித்து வைக்கிறது. அதனால் பார்க்க வெண்ணிறக் கூழாக இருக்கிறது; எண்ணெய்ப் பலகாரத்தைத் தொட்டால் கையில் ஒட்டும் பிசுபிசுப்பு இதில் தெரிவதில்லை.

மயோனீஸுக்குப் பதில் ஆலிவ் எண்ணெய் ஊற்றினால் தப்பிக்கலாமா? ஆலிவ் எண்ணெயில் உள்ள கொழுப்பு வகை நல்லதுதான். ஆனால் கலோரி கணக்கில் செம்பனை எண்ணெய்க்கும் அதற்கும் வேறுபாடு இல்லை. எந்த எண்ணெயானாலும் ஒரு மேசைக்கரண்டி சுமார் 120 கலோரி. பாட்டிலைச் சாய்த்து நேரே ஊற்றும்போது இரண்டு மூன்று கரண்டி விழுந்துவிடுவது நமக்குத் தெரிவதே இல்லை.

பாட்டிலின் பின்புறம் 'தெனாகா' என்று இருக்கும் வரிதான் கலோரி கணக்கு. 'லெமாக்' என்பது கொழுப்பு. அங்கே இரண்டு பத்திகள் இருக்கும். ஒன்று 100 கிராமுக்கு, மற்றொன்று ஒரு முறை பரிமாறும் அளவுக்கு. அந்த இரண்டாவது அளவு பெரும்பாலும் ஒரு மேசைக்கரண்டி, அதாவது 15 கிராம்தான். அம்மா ஊற்றியது அதைப்போல் மூன்று மடங்கு. 'லைட்' என்று எழுதியிருக்கும் வகையில் எண்ணெய் குறைவு, ஆனால் சிலவற்றில் சீனி சேர்ந்திருக்கும். இனிப்புநீர் உள்ளவர்கள் 'குலா' வரியையும் பார்த்து வாங்க வேண்டும்.

எண்ணெயை அடியோடு விலக்க வேண்டியதில்லை. கேரட்டில் உள்ள சத்தை உடல் நன்றாக எடுத்துக்கொள்ளச் சிறிது கொழுப்பு தேவை. அதற்கு ஒரு தேக்கரண்டி போதும். அது 40 கலோரி.

இப்போது எங்கள் வீட்டில் அம்மாவின் கிண்ணம் மாறிவிட்டது. மூன்று மேசைக்கரண்டி கெட்டித் தயிர், ஒரு தேக்கரண்டி எண்ணெய், கஸ்தூரி எலுமிச்சைச் சாறு, மிளகுத்தூள், கொஞ்சம் உப்பு. கழுவிய இலையை நன்றாக ஈரம் போகத் துடைத்த பிறகே இதைக் கலக்கிறோம். ஈர இலையில் கலவை ஒட்டாமல் வழிந்துவிடும். சுவை தெரியாமல் மேலும் ஊற்றத் தோன்றும். சாப்பிட்டு முடித்த கிண்ணத்தின் அடியில் கலவை தேங்கி நின்றால், ஊற்றியது அதிகம் என்று பொருள். கடையில் வாங்கும்போது கலவையைத் தனியாகத் தரச் சொல்லி, முள்கரண்டியால் தொட்டுக்கொள்ளலாம்.

காயும் தயிரும் எண்ணெயும் சேர்ந்து சுமார் 135 கலோரி. ஓர் அவித்த முட்டை 75. எண்ணெய் தடவாத ஒரு சப்பாத்தி 120. மொத்தம் 330. மயோனீஸ் பிழிந்த பழைய கிண்ணம் மட்டுமே 370! முன்பு இரவு பதினொரு மணிக்குப் பசித்து பிஸ்கட் டின்னைத் திறந்த அம்மா, இப்போது அதைத் தேடுவதில்லை.

ஒரு எச்சரிக்கை: இனிப்புநீருக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் சோறு, சப்பாத்தியைத் திடீரென நிறுத்தினால் இரத்தத்தில் சர்க்கரை அளவு மிகவும் இறங்கிவிடலாம். இரவு உணவை மாற்றும் முன் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.