என்ரோல்மென்ட்டுக்கு ஒரு நாள் லீவ் போதுமா?

சட்டப் படிப்பை முடித்துவிட்டு, வக்கீலாகப் பதிவு செய்துகொள்ளும் நாள் வரும்வரை சும்மா இருக்க வேண்டாமே என்று வேலைக்குப் போகிறவர்கள் நிறைய. கோவையில் ஒரு நிறுவனத்தின் சட்டப் பிரிவில் ஒப்பந்தங்களைச் சரிபார்க்கும் ஒரு பெண்ணை வைத்துக்கொள்வோம். மாதச் சம்பளம், பி.எஃப். எல்லாம் உண்டு. சென்னை உயர் நீதிமன்ற வளாகத்திலுள்ள பார் கவுன்சிலில் என்ரோல்மென்ட் தேதி அறிவித்தாகிவிட்டது. அவர் மேனேஜரிடம் ஒரு நாள் லீவ் கேட்கிறார். அவரும் வாழ்த்துச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. அது இருவருக்குமே தெரியாது.

இந்திய பார் கவுன்சில் விதிகளில் 49ஆம் விதி என்று ஒன்று உண்டு. தொழில் செய்யும் வக்கீல் எவரிடமும் முழுநேரச் சம்பள ஊழியராக இருக்கக் கூடாது என்கிறது அது. பதிவு விண்ணப்பத்தோடு, தான் எந்த வேலையிலும் இல்லை என்று உறுதிமொழி கொடுக்க வேண்டும். சம்பளப் பட்டியலில் பெயர் இருக்கும்போதே அதில் கையெழுத்திட்டால் அது பொய். முக்கியமான உண்மையைத் தவறாகச் சொல்லிப் பட்டியலில் ஏறியவரின் பெயரை நீக்க, 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 26ஆம் பிரிவு இந்திய பார் கவுன்சிலுக்கு அதிகாரம் தருகிறது. அப்படி ஒரு புகார் கிளம்பினால், “வழக்கறிஞர் பதிவு விழாவுக்காக விடுப்பு” என்று எழுதிக் கொடுத்த அந்த லீவ் லெட்டரே அவருக்கு எதிரான சாட்சி ஆகிவிடும். காய்ச்சல் என்று எழுதித் தப்பிக்கவும் முடியாது. அன்று மாலையே கறுப்புக் கோட்டும் வெள்ளைப் பட்டையுமாக எடுத்த படம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வந்துவிடும்.

“அன்றைக்கு நான் லீவில்தானே இருந்தேன்?” என்று சிலர் கேட்பார்கள். லீவில் இருப்பவரும் ஊழியர்தான். சம்பளமில்லா விடுப்பானாலும் அப்படியே. பணியிலிருந்து விடுவித்த தேதிதான் கணக்கு.

ஆகவே அவர் கொடுக்க வேண்டியது ராஜினாமாக் கடிதம். அதில்தான் லீவுக்கு ஒரு நல்ல பயன் இருக்கிறது. நோட்டீஸ் காலம் 30 நாள், என்ரோல்மென்ட்டுக்கோ இன்னும் 18 நாள்தான் என்றால் என்ன செய்வது? கையில் 15 நாள் ஈட்டிய விடுப்பு இருந்தால், அதை நோட்டீஸ் காலத்தில் கழித்துக்கொண்டு 15ஆம் நாள் மாலையே விடுவிக்கும்படி கேட்கலாம். கடிதத்தில் இப்படி எழுதலாம்: “என் கணக்கிலுள்ள 15 நாள் ஈட்டிய விடுப்பை நோட்டீஸ் காலத்தில் ஈடுசெய்து, என்னை இன்ன தேதி மாலை பணியிலிருந்து விடுவித்து, ரிலீவிங் ஆர்டர் வழங்க வேண்டுகிறேன்.” ‘நோட்டீஸ் காலத்தில் 15 நாள் லீவ் வேண்டும்’ என்று மட்டும் எழுதினால் விடுவிக்கும் தேதி நகராது, விழா நாளிலும் அவர் ஊழியராகவே இருப்பார். உறுதிமொழியில் கையெழுத்திடுவதும் ரிலீவிங் ஆர்டர் கைக்கு வந்த பிறகுதான். விண்ணப்பம் கொடுக்கும் கடைசி நாள் விழாவுக்கு முன்னதாகவே வந்துவிடும் என்பதால், தேதிக் கணக்கை அந்த நாளிலிருந்து போடுவதே சரி.

நிறுவனம் சம்மதிக்காவிட்டால் இந்த முறையை விட்டுவிட்டு அடுத்த என்ரோல்மென்ட்டுக்குக் காத்திருக்கலாம். எனக்கு இதுவே நல்ல வழி என்று படுகிறது. பட்டம் எங்கும் ஓடிவிடாது. ஆனால் நீதிபதிப் பணியில் கண் உள்ளவர்களுக்குத் தாமதம் கொஞ்சம் வலிக்கும். சிவில் நீதிபதித் தேர்வு எழுத மூன்று ஆண்டு வக்கீல் தொழில் செய்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் தீர்ப்பளித்தது. அந்த ஆண்டுகள் தற்காலிகப் பதிவுத் தேதியிலிருந்து எண்ணப்படும். பதிவு செய்த பிறகு சம்பள வேலை கிடைத்தால் பார் கவுன்சிலுக்கு எழுதித் தெரிவித்து, தொழிலை நிறுத்திவைக்க வேண்டும்.

சீனியர் ஒருவரிடம் உதவியாளராக இருந்து வழிச்செலவுக்குப் பணம் வாங்குகிறவருக்கு இந்தத் தலைவலி பெரும்பாலும் இல்லை. “சார், வெள்ளிக்கிழமை என்ரோல்மென்ட்” என்றால் போதும். “போயிட்டு வாம்மா, கவுன் தைச்சாச்சா?” என்றுதான் பதில் வரும்.

உண்மையிலேயே லீவ் லெட்டர் மட்டும் எழுத வேண்டியவர்கள் பெற்றோர்தான். அப்பா அரசுப் பள்ளி ஆசிரியர் என்றால் தற்செயல் விடுப்புக்கு “மகளின் வழக்கறிஞர் பதிவு விழா” என்ற ஒரு வரி போதும். வெளியூர்க்காரர் என்றால் ஒரு நாளோடு நிறுத்த வேண்டாம். உறுதிமொழி எல்லோரும் சேர்ந்து சொல்வதுதான், சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஆனால் கூட்டம் அதிகமாக இருந்தால், சான்றிதழ் ஒவ்வொருவர் கைக்கும் வந்து சேர நேரமாகும். இரவு ரயிலில் ஊர் திரும்பி மறுநாள் காலை முதல் வகுப்பு எடுக்க முடியுமா என்று பார்த்து, இரண்டாவது நாளுக்கும் சேர்த்தே எழுதிக் கொடுக்கலாம்.