முந்நூற்று முப்பத்து நான்கு வரிகள்

லண்டன் மருத்துவர் ஜான் ஸ்னோ 1855-ல் காலராவைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். அதன் கடைசிப் பக்கங்களில் சுவாரசியம் என்று எதுவும் இல்லை. தெருவின் பெயர், கதவு எண், தேதி, இறந்தவரின் வயது, அவர் என்ன தொழில் செய்தார் அல்லது யாருடைய மனைவி, எத்தனை மணி நேரம் நோயில் கிடந்தார், அந்த வீட்டுக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது. இப்படி ஒரு வரி. அடுத்த வரியும் அப்படியே. 1854 ஆகஸ்டு 5-ஆம் தேதியோடு முடிந்த நான்கு வாரங்களில், தெற்கு லண்டனின் சில பகுதிகளில் காலராவில் இறந்த 334 பேரின் பட்டியல் அது. ஸ்னோ அதைப் பின்னிணைப்பாக வைத்தார்.

அந்த 334 வரிகளும் அவர் தெருத் தெருவாக நடந்து திரட்டியவை. சில பகுதிகளில் மட்டும் இன்னொரு மருத்துவர் துணைக்கு வந்தார். இவ்வளவு பாடுபட்டுச் சேர்த்ததைப் புத்தகத்தின் நடுவில் பரப்பி வைக்கத்தான் யாருக்கும் கை துறுதுறுக்கும். ஸ்னோ அப்படிச் செய்யவில்லை. அதே சமயம், வேறு சில தனி ஆட்களின் கதைகளைப் புத்தகத்தின் நடுவில் விரிவாகவே எழுதினார். எதை உள்ளே வைத்தார், எதைப் பின்னால் தள்ளினார் என்று பார்த்தால், அறிக்கை எழுதுகிறவர்களுக்கு இன்றும் உதவுகிற ஒரு கணக்கு அதில் இருக்கிறது.

அன்றைய நிலைமை இது. காலரா கெட்ட காற்றால் பரவுகிறது என்று மருத்துவர்களில் பெரும்பாலோர் நம்பினார்கள். தண்ணீரால்தான் என்றார் ஸ்னோ. அதைச் சோதிக்கத் தெற்கு லண்டன் தானாகவே வாய்ப்பு அமைத்துக் கொடுத்தது. அங்கே பல தெருக்களில் இரண்டு கம்பெனிகளின் குழாய்கள் சேர்ந்தே ஓடின. ஒரு வீட்டுக்கு லாம்பெத் கம்பெனி தண்ணீர், பக்கத்து வீட்டுக்கு சதக் அண்ட் வாக்ஸால் கம்பெனி தண்ணீர். காற்று இருவருக்கும் ஒன்றுதான். ஆனால் லாம்பெத் கம்பெனி 1852-ல் நகரத்துக்கு மேலே தேம்ஸ் டிட்டனுக்குப் போய் அங்கிருந்து தண்ணீர் எடுக்கத் தொடங்கியிருந்தது. மற்றது, ஊர்ச் சாக்கடை கலக்கும் பேட்டர்சீ பகுதியிலேயே எடுத்துக்கொண்டிருந்தது.

இறந்த 334 பேரின் வீடுகளுக்கு எந்தத் தண்ணீர் வந்தது என்பதை ஸ்னோ ஒரே வாக்கியத்தில், புத்தகத்தின் நடுவிலேயே சொல்லிவிடுகிறார். 286 வீடுகளுக்கு சதக் கம்பெனித் தண்ணீர். 14 வீடுகளுக்கு லாம்பெத். 22 பேர் தேம்ஸில் நேராக வாளியை விட்டு மொண்டவர்கள். 4 பேருக்குக் கைப்பம்புக் கிணறு, 4 பேருக்குப் பள்ளத்து நீர். மீதி 4 பேருக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. பயணத்தில் நோய் கண்டவர்கள் போன்றவர்கள் அவர்கள்.

கூட்டிப் பாருங்கள், 334 வருகிறது. பின்னிணைப்பை எண்ணினாலும் அதே 334 வர வேண்டும். உள்ளே இருக்கும் சுருக்கத்துக்கும் பின்னால் இருக்கும் பட்டியலுக்கும் இந்த ஒரு கயிறு அவசியம் வேண்டும். எத்தனையோ அறிக்கைகளில் அது அறுந்து கிடக்கிறது. உள்ளே 300 பேர் என்றிருக்கும், பின்னால் எண்ணினால் 287 வரும், மீதிப் பதின்மூன்று பேர் எங்கே போனார்கள் என்பதற்கு ஒரு வார்த்தை இருக்காது. அந்த இடத்தில் வாசகருக்குப் பின்னிணைப்பின் மீதுள்ள நம்பிக்கை மட்டும் போவதில்லை, முன்னால் படித்ததன் மீதான நம்பிக்கையும் சேர்ந்து போய்விடுகிறது.

அந்த வாக்கியத்தில் இன்னொன்றையும் கவனிக்கலாம். 14 என்ற எண் ஸ்னோவுக்கு வசதியானதல்ல. நல்ல தண்ணீர் குடித்தும் இறந்தவர்கள் அவர்கள். 4 என்ற எண் அவருடைய தேடலின் ஓட்டையைக் காட்டுகிறது. இரண்டையும் பின்னிணைப்புக் கூட்டத்தில் கரைத்துவிட்டிருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். தன் முடிவுக்கு எதிராக நிற்கும் எண்ணை முன்னால் வைப்பது, துணையாக நிற்கும் எண்களைப் பின்னால் குவிப்பது. என்னைக் கேட்டால் இந்தப் பிரிவினையில் மிகக் கடினமான பகுதி இதுதான்.

உள்ளே அவர் வைத்த இன்னொரு விஷயம், தண்ணீரைக் கண்டுபிடித்த முறை. குடித்தனக்காரர்கள் பலருக்குத் தங்கள் வீட்டுக்கு எந்தக் கம்பெனித் தண்ணீர் வருகிறது என்றே தெரியாது. வரி கட்டியது வீட்டுக்காரர். தெளிவான பதில் கிடைக்காத வீடுகளில் ஸ்னோ ஒரு சிறு குப்பியில் தண்ணீர் பிடித்து, மேலே முகவரி எழுதிக்கொண்டு வந்தார். அதில் வெள்ளி நைட்ரேட் கரைசல் விட்டால் உப்பின் அளவு தெரிந்துவிடும். லாம்பெத் தண்ணீரில் ஒரு கேலனுக்கு ஒரு கிரெய்னுக்கும் குறைவான உப்பு. லேசான வெள்ளை மட்டும் படரும். கடலலை ஏறி வரும் பேட்டர்சீ தண்ணீரில் ஏறத்தாழ 38 கிரெய்ன். பால் திரிந்தது போல வெள்ளையாகத் திரண்டுவிடும்.

இன்றைய அறிக்கைகளில் இப்படிப்பட்ட செய்முறையைத்தான் முதலில் பின்னால் தள்ளுவார்கள், "தொழில்நுட்ப விவரம்" என்று. இங்கே அது செல்லாது. பின்னிணைப்பின் கடைசிக் கட்டத்தில் "லாம்பெத்" என்றோ "சதக்" என்றோ எழுதியிருப்பதை நாம் நம்புவதே இந்தக் குப்பிச் சோதனையால்தான். இது உள்ளே இல்லாவிட்டால் அந்த 334 வரிகளும் யாரோ சொல்லக் கேட்டு எழுதியவை ஆகிவிடும். எந்தக் குப்பியில் எவ்வளவு திரண்டது என்ற வீடுவாரி விவரம் யாருக்கும் தேவையில்லை. எப்படிப் பிரித்தறிந்தார் என்பது எல்லோருக்கும் தேவை.

பிறகு வருவது வகுத்தல் கணக்கு. 286 பெரியது, 14 சிறியது என்று சொன்னால் போதாது. முதல் கம்பெனிக்கு வீடுகள் அதிகமாக இருந்திருக்கலாம் அல்லவா? நாடாளுமன்றத்துக்குக் கொடுத்த கணக்குப்படி சதக் கம்பெனிக்கு 40,046 வீடுகள், லாம்பெத் கம்பெனிக்கு 26,107 வீடுகள். பத்தாயிரம் வீட்டுக்கு 71 சாவு, 5 சாவு. ஏறக்குறைய பதின்மூன்று மடங்கு வித்தியாசம். ஆகஸ்டு 26 வரை ஏழு வாரத்துக்கும் சேர்த்துப் பார்த்தால் 1,263 சாவு, 98 சாவு; பத்தாயிரம் வீட்டுக்கு 315, 37. வித்தியாசம் எட்டு மடங்குக்குக் கொஞ்சம் மேல் என்று இறங்கிவிடுகிறது. ஸ்னோ இரண்டையும் உள்ளேயே கொடுத்தார். பதின்மூன்றை மட்டும் உள்ளே வைத்து எட்டைப் பின்னால் ஒளித்திருந்தால், அதே தரவு பொய் சொல்லத் தொடங்கியிருக்கும்.

அப்படியானால் தனி ஒரு ஆளின் விவரம் உள்ளே வரவே கூடாதா? அதே புத்தகத்தில் பிராட் தெருப் பகுதியைப் படித்தால் பதில் கிடைக்கும். அந்தத் தெருவின் கைப்பம்பைச் சுற்றி ஒரே வாரத்தில் சாவுகள் குவிந்தன. அந்தப் பம்புக்கு அக்கம்பக்கத்தில் இறந்த 73 பேரில் 61 பேர் அந்தத் தண்ணீரைக் குடிக்கும் பழக்கம் உள்ளவர்கள். 6 பேர் குடிக்காதவர்கள். 6 பேரைப் பற்றி விவரம் இல்லை. இவர்களை ஸ்னோ எண்ணிக்கையாகவே சொல்லிவிட்டுப் போகிறார்.

ஆனால் அங்கிருந்து வெகு தொலைவில், காலராவே இல்லாத ஹாம்ஸ்டெட்டில், 59 வயது விதவை ஒருவர் இறந்தார். அவருக்குப் பிராட் தெருத் தண்ணீர்தான் பிடிக்கும். தினமும் வண்டியில் ஒரு பாட்டில் போகும். ஆகஸ்டு 31-ஆம் தேதி போன தண்ணீரைக் குடித்தார், செப்டம்பர் 2-ஆம் தேதி இறந்தார். பார்க்க வந்திருந்த உறவுப் பெண்ணும் அதைக் குடித்து, தன் ஊருக்குப் போய் இறந்தாள். அங்கேயும் அப்போது காலரா இல்லை. இவர்களுக்கு ஸ்னோ ஒரு முழுப் பத்தி ஒதுக்குகிறார். அதேபோல, பம்புக்குப் பக்கத்திலேயே இருந்த ஏழைகள் விடுதியில் 535 பேரில் 5 பேர்தான் இறந்தார்கள். அவர்களுக்குத் தனிக் கிணறு இருந்தது. எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் வேலை பார்த்த மதுபான ஆலையில் காலராவால் ஒருவரும் சாகவில்லை. அங்கும் தனிக் கிணறு, தவிர அவர்கள் குடித்தது பெரும்பாலும் பீர்.

இவையும் மூலத் தரவுதான். பின்னிணைப்பின் 334 வரிகளில் எந்த ஒன்றை எடுத்துவிட்டாலும் வாதம் அப்படியே நிற்கும். 333 பேரை வைத்தும் அதே முடிவு வரும். ஹாம்ஸ்டெட் விதவையை எடுத்துவிட்டால் காற்றுக் கட்சிக்காரருக்குப் பேச இடம் கிடைத்துவிடும், "பம்பைச் சுற்றியிருந்த காற்று கெட்டுப்போயிருந்தது" என்று. அந்தக் காற்று ஹாம்ஸ்டெட் வரை போய் ஒரே வீட்டைத் தேடிப்பிடித்தது என்று சொல்ல அவராலும் முடியாது. ஒரு வரியை எடுத்துவிட்டுப் பார்ப்பதுதான் சோதனை. முடிவு அசைந்தால் அந்த வரி உள்ளே வர வேண்டும்.

இது எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்தது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கடலோர ஊரின் கிணற்று நீரைப் பற்றிக் கல்லூரி மாணவர்கள் எழுதிய அறிக்கையைத் திருத்தக் கொடுத்தார்கள். 51 கிணறுகள், ஒவ்வொன்றிலும் மூன்று முறை டிடிஎஸ் அளவு, ஆக 153 எண்கள். நடுவில் ஏழு பக்கம் அவையே நிறைந்திருந்தன. நான் தாண்டிப் போனேன். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். கடைசிப் பக்கத்து அட்டவணை ஒன்றின் கீழே சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது. மொத்தம் தேர்ந்தெடுத்த கிணறுகள் 60, ஒன்பதில் தண்ணீர் வற்றியிருந்ததால் அளக்கவில்லை என்று. வற்றிய ஒன்பதில் ஏழு, கடற்கரைத் தெருவில். உப்பு ஏறுவதைப் பற்றிய அறிக்கையில், உப்பு அதிகம் இருந்திருக்கக்கூடிய கிணறுகளே கணக்கில் இல்லை!

இடம் மாற்றினோம். ஏழு பக்கமும் பின்னால் போயின. முன்னால் தெருவாரியாக ஐந்து வரி அட்டவணை: தேர்ந்தெடுத்தவை எத்தனை, அளந்தவை எத்தனை, குடிநீருக்கு இந்தியத் தரம் சொல்லும் லிட்டருக்கு 500 மில்லிகிராம் அளவைத் தாண்டியவை எத்தனை. வற்றிய கிணறுகளைப் பற்றிய குறிப்பு அட்டவணைக்கு மேலேயே ஏறியது. மூன்று அளவுகளும் ஒன்றுக்கொன்று ஒட்டாமல் இருந்த ஒரு கிணற்றை மட்டும் மூன்று எண்களோடும் உள்ளே எழுதினோம், ஏனென்றால் சராசரி எடுத்தால் அந்தக் கிணறு ஒழுங்கானதுபோலத் தெரிந்தது. மாணவர்களுக்கு வருத்தம்தான். வெயிலில் அலைந்து எடுத்த எண்கள் யாரும் புரட்டாத பக்கத்துக்குப் போகின்றனவே என்று.

யாரும் புரட்டாத பக்கம் என்று சொல்லிவிட முடியாது. ஸ்னோவின் கணக்கில் ஒரு குறை இருந்தது. எந்தத் தெருவில் எந்தக் கம்பெனித் தண்ணீர் குடித்தவர் இறந்தார் என்பது அவரிடம் இருந்தது. ஆனால் கம்பெனியின் மொத்த வீடுகள்தான் தெரியும், பகுதிவாரியாக எத்தனை வீடு என்பது தெரியாது. அதனால் ஒரே பகுதிக்குள் இரண்டு கம்பெனிகளையும் நேருக்கு நேர் ஒப்பிட முடியவில்லை. 1856-ல் அரசு மருத்துவ அதிகாரி ஜான் சைமனின் அறிக்கை அந்த விவரத்தைக் கொண்டுவந்தது. ஸ்னோ தான் திரட்டிய சாவுக் கணக்குகளைப் பகுதி பகுதியாகப் பிரித்து அதோடு சேர்த்து மறுபடி கணக்குப் போட்டு, அந்த ஆண்டு அக்டோபரில் ஒரு மருத்துவ இதழில் வெளியிட்டார். 286, 14 என்ற இரண்டு மொத்தங்களை மட்டும் வைத்துக்கொண்டிருந்தால் அப்படிப் பிரித்திருக்க முடியாது.