நியான் நுவார் சொல்லித்தந்த கணக்கு

2019 மார்ச்சில் ஜெர்மனியின் ஃபிராங்க்பர்ட்டிலுள்ள கிரைடெக் நிறுவனம் ‘நியான் நுவார்’ என்ற காட்சியை வெளியிட்டது. நனைந்த நகரத் தெருவில் பறந்துபோகும் ஒரு ட்ரோன். வழியெங்கும் குட்டைகளிலும் கண்ணாடிகளிலும் விளக்குகளின் பிரதிபலிப்பு. அத்தனையும் ரே ட்ரேசிங். ஓடியதோ ஏஎம்டி வேகா 56 கார்டில். ஒளிக்கதிர்களைத் தொடர்ந்து கணக்கிட அதில் தனிச் சுற்றுகள் கிடையாது.

எப்படிச் சமாளித்தார்கள்? பளபளப்பான பரப்புகளுக்கு மட்டும் உண்மையான உருவங்களோடு மோதும் கதிர்களைச் செலவழித்தார்கள். சொரசொரப்பான பரப்பில் பிம்பம் எப்படியும் கலங்கியே தெரியும் என்பதால், அங்கே காட்சியைச் சிறு கனசதுரங்களாக்கி, செலவு குறைந்த கணக்கைப் போட்டார்கள். முழுத் தெளிவில் 1080பி-யில் நொடிக்கு 30 ஃபிரேம் கிடைத்தது. பிரதிபலிப்பின் தெளிவைப் பாதியாக்கியதும் 1440பி-யிலேயே 40-ஐத் தாண்டியது.

நடுத்தர கார்டு வைத்திருப்பவருக்கும் இதே கணக்குதான். ஃபிரேம் எண்ணிக்கையை விட, ஒரு ஃபிரேமுக்கு ஆகும் மில்லிநொடியைப் பாருங்கள். 60 ஃபிரேம் வேண்டுமென்றால் கையிருப்பு 16.7 மில்லிநொடி. ரே ட்ரேசிங் இல்லாமல் ஒரு விளையாட்டு 80 ஃபிரேமில் ஓடுகிறது என்று வையுங்கள்: ஆகும் செலவு 12.5, மிச்சம் 4.2. பிரதிபலிப்பை இயக்கியதும் 62-க்கு இறங்கினால் அதன் விலை 3.6. கூடவே நிழலையும் இயக்கி 54-க்கு வந்தால் இன்னொரு 2.4 போய்விட்டது, வரம்பு மீறியாயிற்று. ஒவ்வொன்றாக, ஒரே இடத்தில் நின்று அளந்தால்தான் இது தெரியும்.

என் தேர்வில் முதலிடம் பரவொளிக்கு. சன்னல் வழியே வரும் வெயில் சுவரில் பட்டுத் தெறித்து அறை முழுவதும் பரவுவது அதனால்தான். அது இல்லாவிட்டால் மூலைகள் காரணமின்றி ஒளிரும். ஈரத் தெருவும் கண்ணாடியும் நிறைந்த விளையாட்டென்றால் பிரதிபலிப்புக்குக் கொடுக்கலாம், நடுத்தர அளவில். சூரிய நிழலைக் கடைசியில் வைப்பேன். பழைய முறை நிழலே பெரும்பாலும் போதும்.

இன்னும் இடம் வேண்டுமென்றால் அப்ஸ்கேலிங் உதவும். 1440பி திரையில் ‘குவாலிட்டி’ நிலை உள்ளே ஏறத்தாழ 960 வரிகளையே வரைகிறது. புள்ளிகள் பாதிக்கும் குறைவு, அவற்றோடு கதிர்களும். ஆனால் கதிர் குறையக் குறையப் பிரதிபலிப்பில் புள்ளி புள்ளியாக நடுக்கம் தெரியும், அசையும் பொருளுக்குப் பின்னால் வால் நீளும். அதைக் கண்டால் ஒரு படி மேலே ஏற்றிவிட்டு, நிழலையோ மூடுபனியையோ குறைப்பது நல்லது.

8 ஜிபி கார்டில் இன்னொரு தொல்லை உண்டு. கதிர்கள் எதில் மோதுகின்றன என்று தேடுவதற்கான உருவ அட்டவணையும் வீடியோ நினைவகத்தில்தான் உட்கார்கிறது. சராசரி ஃபிரேம் நன்றாக இருந்தும், புதிய இடத்துக்குத் திரும்பும்போதெல்லாம் படம் சட்டென்று தடுக்கினால், நினைவகம் நிரம்பி வழிகிறதா என்று முதலில் பாருங்கள். வழிந்தால், ரே ட்ரேசிங்கைத் தொடாமல் டெக்ஸ்சரை ஒரு படி இறக்கிப் பார்க்கலாம்.