சம்பளம் ஒன்று, கடன் கணக்கு மூன்று

மாதச் சம்பளத்தைப் போல 60 மடங்கு வீட்டுக் கடன் கிடைக்கும் என்று ஒரு கணக்கு ஊரெல்லாம் சுற்றுகிறது. வீட்டு புரோக்கர்கள் சொல்கிறார்கள், அலுவலகத்தில் பக்கத்து நாற்காலிக்காரர் சொல்கிறார். அதை நம்பி டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, வங்கி பாதித் தொகைதான் தரும் என்று தெரிந்ததும் கைமாற்றுக்கு அலைபவர்கள் ஏராளம். உண்மையில் வங்கி மூன்று கணக்குப் போடுகிறது. மூன்றில் எது குறைவோ, அதுதான் நமக்குக் கிடைக்கும் கடன்.

ஓர் உதாரணம் பார்ப்போம். கோவையில் ஒரு தனியார் கம்பெனியில் வேலை பார்ப்பவர். வயது 45. பி.எஃப்., வரி எல்லாம் போக மாதம் 75,000 ரூபாய் கைக்கு வருகிறது. துடியலூர் பக்கம் ஒரு தனி வீடு 50 லட்சத்துக்கு விலை பேசி முடித்திருக்கிறார். அந்த 60 மடங்குக் கணக்குப்படி இவருக்கு 45 லட்சம் கிடைக்க வேண்டும்.

வங்கி முதலில் பார்ப்பது, இந்தச் சம்பளத்தில் எவ்வளவு தொகை மாதத் தவணைகளுக்குப் போகலாம் என்பது. வங்கிக்கு வங்கி, வருமானத்துக்கு வருமானம் இது மாறும். பெரும்பாலும் 40 முதல் 60 சதவீதத்துக்குள் இருக்கும். இவருக்குப் பாதி என்று வைத்துக்கொண்டால் 37,500 ரூபாய். இது புதிய வீட்டுக் கடனுக்கு மட்டும் அல்ல, ஏற்கெனவே கட்டும் தவணைகளும் இதற்குள்தான் அடங்க வேண்டும்.

இவருக்கு ஒரு பர்சனல் லோன் இருக்கிறது, மாதத் தவணை 8,500 ரூபாய். கிரெடிட் கார்டில் 40,000 ரூபாய் பாக்கி. கார்டு பாக்கிக்குத் தவணை கிடையாதே என்று நாம் நினைப்போம். பல வங்கிகள் நிலுவையில் 5 சதவீதத்தை மாதச் சுமையாக எடுத்துக்கொள்ளும். அப்படி 2,000 ரூபாய். ஆக 10,500 ரூபாய் கழிந்து, வீட்டுக் கடனுக்கு மிஞ்சுவது மாதம் 27,000 ரூபாய்தான்.

அடுத்து வயது. ஓய்வு 60 வயதில் என்றால் கடனை அடைக்க இவருக்கு 15 ஆண்டுகள்தான் உண்டு. வட்டி 8.5 சதவீதம் என்று வைத்தால், 15 ஆண்டுக் கடனில் ஒரு லட்சத்துக்கு மாதத் தவணை சுமார் 985 ரூபாய். 27,000 ரூபாயில் அடைக்கக்கூடிய கடன் சுமார் 27.4 லட்சம். இதே மனிதர் 40 வயதில் வந்திருந்தால் 20 ஆண்டு கிடைத்திருக்கும். லட்சத்துக்குத் தவணை 868 ரூபாயாகக் குறைந்து, கடன் 31 லட்சத்தைத் தொட்டிருக்கும். சம்பளம் ஒரு ரூபாய்கூடக் கூடவில்லை, வயதுதான் வித்தியாசம்.

மூன்றாவது கணக்கு வீட்டின் மதிப்பு. வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் வந்து அளந்து, படம் எடுத்து, அக்கம்பக்கத்து விலையை விசாரித்து அறிக்கை தருவார். நாம் பேசிய விலை, அவர் போட்ட மதிப்பு இரண்டில் குறைவானதையே வங்கி எடுக்கும். துடியலூர் வீட்டுக்கு அவர் போட்டது 46 லட்சம். காரணம், மாடியில் பின்னால் கட்டிய ஓர் அறை. அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தில் இல்லாத அந்த அறைக்கு அவர் மதிப்பே போடவில்லை. வீடு பார்க்கப் போகும்போதே வரைபடத்தைக் கேட்டு வாங்கி, கட்டடத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

இந்த மதிப்பில் எத்தனை சதவீதம் வரை தரலாம் என்பதற்கு ரிசர்வ் வங்கியின் உச்சவரம்பு உண்டு. கடன் 30 லட்சம் வரை என்றால் 90 சதவீதம், 30 முதல் 75 லட்சம் வரை 80, அதற்கு மேல் 75. இவர் 30 லட்சத்துக்கு மேல் கேட்டால் 46 லட்சத்தில் 80 சதவீதம், அதாவது 36.8 லட்சம்தான் எல்லை. முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் இந்த மதிப்பில் சேராது. 10 லட்சத்துக்கு மேற்படாத வீடுகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. தமிழ்நாட்டில் தனி வீட்டுக் கிரயத்துக்கு அந்த இரண்டும் சேர்ந்து 9 சதவீதம், இவருக்கு 4.5 லட்சம். அதைக் கையிலிருந்துதான் போட வேண்டும்.

ஆக, வீடு 36.8 லட்சம் வரை தாங்கும், சம்பளம் 27.4 லட்சம்தான் தாங்கும். குறைவானதுதான் கிடைக்கும். மீதி 22.6 லட்சமும் பதிவுச் செலவு 4.5 லட்சமும் சேர்த்து 27 லட்சத்துக்கு மேல் இவர் சொந்தமாகப் புரட்ட வேண்டும். 60 மடங்கு என்று நம்பியவர் 10 லட்சத்தோடு வந்திருப்பார்.

இங்கேதான் பலரும் கவனிக்காத ஒரு வழி இருக்கிறது. பர்சனல் லோனில் இன்னும் 1.2 லட்சம் அசல் பாக்கி என்று வைத்துக்கொள்வோம். கார்டு பாக்கியோடு சேர்த்து 1.6 லட்சம். விண்ணப்பிக்கும் முன் இதை முழுதாக அடைத்துவிட்டால் 37,500 ரூபாயும் வீட்டுக் கடனுக்கே கிடைக்கும். சம்பளக் கணக்கு 38 லட்சத்துக்கு உயர்ந்துவிடும். இப்போது தடுப்பது வீட்டின் மதிப்புதான், எனவே 36.8 லட்சம் கிடைக்கும். 1.6 லட்சம் அடைத்ததில் 9.4 லட்சம் கடன் கூடியிருக்கிறது. கையிலிருந்து போட வேண்டியது, அடைத்த தொகையும் சேர்த்து, சுமார் 19.3 லட்சமாகக் குறைகிறது. சேமிப்பை அப்படியே முன்பணத்துக்கு என்று பொத்தி வைத்துவிட்டு, சின்னக் கடன்களைத் தவணையில் இழுத்துக்கொண்டிருப்பதுதான் வீட்டுக் கடன் கேட்பவர் தனக்கே செய்துகொள்ளும் பெரிய கெடுதல் என்பேன்.

அடைத்தால் மட்டும் போதாது, அடைத்தது வங்கியின் கண்ணில் பட வேண்டும். வங்கி பார்ப்பது சிபில் போன்ற நிறுவனங்களின் அறிக்கையை. என்றோ முடித்த செல்போன் தவணை அதில் இன்னும் நிலுவை என்று நிற்கலாம். மைத்துனருக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்தும் அதில் தெரியும். இந்த அறிக்கையை ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு நிறுவனத்திடமும் இலவசமாகப் பெறலாம். கடன் முடிந்ததும் 'நோ டியூஸ்' கடிதம் வாங்கி வைத்துக்கொண்டு, அறிக்கையில் முடிந்ததாகப் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்த பிறகு விண்ணப்பியுங்கள். சம்பளச் சீட்டில் பிடித்தமாகும் கூட்டுறவு சொசைட்டி கடனும் கணக்கில் வரும். அதையும் மறக்க வேண்டாம்.

மனைவிக்கும் வருமானம் இருந்தால் கூட்டாக விண்ணப்பிக்கலாம், இருவர் சம்பளமும் சேரும். ஆனால் அவர் பெயரில் உள்ள கடன்களும் கூடவே வரும்.

ஒரு விஷயத்தில் எச்சரிக்கை தேவை. 36.8 லட்சத்துக்கு மாதத் தவணை சுமார் 36,250 ரூபாய். பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணமோ பெற்றோரின் மருந்துச் செலவோ வங்கியின் கணக்கில் வராது. வட்டி ஏறும்போது பலருக்கு வங்கி தவணைக் காலத்தை நீட்டித் தரும். இவருக்குக் கடன் முடிவதே ஓய்வு பெறும் வயதில்தான், நீட்ட இடமில்லை. ஏறுகிற வட்டி மாதத் தவணையில்தான் ஏறும். எனவே 33 லட்சத்தில் காரியம் முடியும் என்றால் 33 லட்சமே வாங்குவது நல்லது.

வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் வங்கிக்குப் போய், உங்கள் சம்பளத்துக்கு எவ்வளவு தருவார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். வீட்டின் மதிப்பு பிறகுதான் தெரியும் என்பதால், கடன் கிடைக்காவிட்டாலோ குறைந்தாலோ அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்ற ஒரு வரியை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். விற்பவர் மறுத்தால், மதிப்பீட்டு அறிக்கை வரும்வரை பெரிய தொகை எதையும் கொடுக்காதீர்கள்.