சீலிங் ஃபேனைத் தாங்கும் கொக்கியும் பெட்டியும்

வீடுகளில் பரவலாகப் பயன்படும் 1,200 மி.மீ. சீலிங் ஃபேன், அதன் குழாயையும் சேர்த்துப் பெரும்பாலும் 4 முதல் 6 கிலோ எடை இருக்கும். அலங்கார ஃபேன்கள் இதைவிடக் கனமானவை. கான்கிரீட் தளத்துக்கு 5 கிலோ ஒரு சுமையே அல்ல. ஆனால் இது அசையாமல் தொங்கும் சுமை இல்லை. முழு வேகத்தில் ஃபேன் நிமிடத்துக்கு ஏறக்குறைய 350 முறை சுற்றுகிறது. ஓர் இறக்கை மற்றவற்றைவிட 10 கிராம் கனமாக இருந்தாலும், ஒவ்வொரு சுற்றிலும் கொக்கி பக்கவாட்டில் ஏறத்தாழ அரைக் கிலோ அளவு விசையால் இழுக்கப்படுகிறது. நாளுக்கு 10 மணி நேரம் ஓடினால் அந்த இழுப்பு 2 லட்சம் தடவைக்கு மேல் நிகழும். கொக்கி திடீரென்று அறுந்து விழுவதைவிட, இப்படி ஓயாமல் அசைந்து தளர்வதும் தேய்வதும் துருப்பிடிப்பதும்தான் அதிகம்.

தமிழ்நாட்டில் வழக்கமான ஏற்பாடு, தளம் போடும்போதே கான்கிரீட்டில் ஃபேன் பாக்ஸைப் புதைத்துவிடுவது. வட்டமாகவோ அறுகோணமாகவோ இருக்கும் இந்தப் பெட்டியின் குறுக்கே ஓர் இரும்புக் கம்பி செல்லும். ஃபேனின் மேல்முனையில் உள்ள ஷேக்கிள் அந்தக் கம்பியைக் கவ்விக்கொள்ளும். சுமையைச் சுமப்பது கம்பிதான். கம்பி வெளியே தெரியவும், ஷேக்கிள் நுழையவும், வயர்களை இணைக்கவும் இடம்விடுவதே பெட்டியின் வேலை. பெட்டியின் விளிம்பில் மூடிக்காக இருக்கும் சிறு திருகுத் துளைகள் விளக்குக்குப் போதும். ஃபேனை அவற்றில் மாட்டவே கூடாது. அமெரிக்காவில் பெட்டியே ஃபேனைச் சுமக்கும் முறை உண்டு. அங்கே ஃபேனுக்கென்று சான்று பெற்ற பெட்டியைத்தான் பொருத்த வேண்டும். சுமை 16 கிலோவைத் தாண்டினால், எவ்வளவு தாங்கும் என்பது பெட்டியின் மீதே குறிக்கப்பட்டிருக்க வேண்டும். நம்மூர்ப் பெட்டிகளில் அந்தப் பொறுப்பு முழுவதும் கம்பியின் மேல் விழுகிறது.

கம்பியின் பருமன் எவ்வளவு முக்கியம் என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். பெட்டியின் அகலம் 10 செ.மீ., குறுக்கே செல்வது சாதாரண மைல்டு ஸ்டீல் கம்பி, சுமை நடுவில் தொங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 12 மி.மீ. கம்பி நிரந்தரமாக வளையத் தொடங்க ஏறக்குறைய 170 கிலோ தேவை. 8 மி.மீ. கம்பிக்கு 50 கிலோ போதும், 6 மி.மீ. கம்பிக்கு 20 கிலோவே போதும். பருமன் பாதியானால் வளைவைத் தாங்கும் வலு எட்டில் ஒரு பங்காகிவிடுகிறது. 5 கிலோ ஃபேனுக்கு 6 மி.மீ. கம்பியே போதுமே என்று தோன்றலாம். துரு 2 மி.மீ. அரித்தால் என்ன ஆகும் என்று பார்த்தால்தான் வேறுபாடு புரியும். 12 மி.மீ. கம்பி 10 மி.மீ. ஆனாலும் அதனால் 100 கிலோ தாங்க முடியும். 6 மி.மீ. கம்பி 4 மி.மீ. ஆகிவிட்டால் மிஞ்சுவது 6 கிலோ மட்டுமே. ஃபேனைத் துடைப்பவர் இறக்கையைப் பிடித்துச் சற்று அழுத்தினாலே அது வளைந்துவிடும். புதிய கட்டடத்தில் 12 மி.மீ. கேட்பது இந்த இருப்புக்காகத்தான். வேலையில் மிஞ்சிய முறுக்குக் கம்பித் துண்டைக் கூர்மையாக வளைத்துக் கொக்கியாக்குவதும் நல்லதல்ல. மடிப்பின் வெளிப்புறத்தில் மயிரிழை வெடிப்பு விழலாம். கம்பியின் வரிகள் ஷேக்கிளின் ரப்பரையும் அறுத்துவிடும்.

கம்பி தடிமனாக இருந்தால் மட்டும் போதாது. அது கான்கிரீட்டைப் பிடித்திருக்க வேண்டும். பெட்டியின் இருபுறமும் கம்பி குறைந்தது 15 செ.மீ. நீண்டு, தளத்தின் அடிக்கம்பிகளுக்கு மேலாகப் படுத்து, கட்டுக்கம்பியால் அவற்றோடு இறுகக் கட்டப்பட வேண்டும். அப்படி இருந்தால், கொக்கி கீழே வர வேண்டுமானால் அடிக்கம்பியையும் சேர்த்து இழுத்தாக வேண்டும். அடிக்கம்பிக்குக் கீழே செருகிவிட்டால், அதைத் தாங்குவது 20 மி.மீ. அளவே உள்ள கவர் கான்கிரீட்தான். சென்ட்ரிங் பலகையில் பெட்டி ஒட்டி உட்காராவிட்டால் கான்கிரீட் உள்ளே புகுந்து கம்பியை மூடிவிடும். பிறகு உளியால் கொத்தி எடுக்கும்போது கம்பியின் பிடிமானமே தளர்ந்துவிடும். கான்கிரீட் ஊற்றுவதற்கு முன் பெட்டிக்குள் காகிதம் திணித்து, வைப்ரேட்டர் பட்டு நகராதபடி பலகையில் ஆணியடித்துவிட்டால் இந்தச் சிக்கல் வராது.

பெட்டியே வைக்காத தளத்தில் ஃபேன் மாட்ட வேண்டுமானால் துளையிட்டு ஆங்கர் பொருத்த வேண்டும். பிளாஸ்டிக் பிளக்கும் மரக்கட்டையும் இதற்கு ஆகாது. அதிர்வில் தளர்ந்து, தொங்கும் சுமையால் மெல்ல வெளியே வந்துவிடும். இரும்பு எக்ஸ்பான்ஷன் ஆங்கர்தான் தேவை. அதை எவ்வளவு ஆழத்தில் பதிக்க வேண்டும் என்று தயாரிப்பாளர் சொல்லும் கணக்கு கான்கிரீட்டுக்குள் மட்டும். மேல்பூச்சின் தடிமன் அதில் சேராது. துளையிட்ட தூசியை ஊதி வெளியேற்றாவிட்டால் ஆங்கர் தூசியைத்தான் பிடித்திருக்கும். அறையின் நடுவில் தளத்தின் அடிப்பகுதி இழுவிசையில் இருப்பதால் நுண்ணிய வெடிப்புகள் அங்கே இயல்பு. ஆகவே வெடித்த கான்கிரீட்டுக்கும் ஏற்றதென்று குறிப்பிட்ட ஆங்கரையே வாங்க வேண்டும். ஒற்றை ஆங்கரைவிட, இரண்டு அல்லது நான்கு ஆங்கர்களில் நிற்கும் தகட்டுக் கொக்கி மேல். ஒன்று தளர்ந்தாலும் மற்றவை தாங்கும்.

ரசாயனப் பசையால் ஒட்டும் ஆங்கர்களில் கூடுதல் கவனம் தேவை. 2006 ஜூலை 10 அன்று பாஸ்டன் நகரின் சுரங்கச் சாலையில் கூரைப் பலகைகள் விழுந்து, காரில் சென்ற ஒருவர் இறந்தார். அங்கே பயன்படுத்திய எபாக்சி, நெடுநாள் தொடர்ந்த இழுப்பில் மெல்ல மெல்ல நெகிழ்ந்து ஆங்கர்களை விட்டதே காரணம் என்று விசாரணை கண்டறிந்தது. மேலிருந்து தொங்கும் நிரந்தரச் சுமைக்கு உகந்தது என்று சொல்லப்படாத பசையை ஃபேனுக்குப் பயன்படுத்தக் கூடாது.

புதிய கொக்கியை ஃபேன் மாட்டுவதற்கு முன்பே சோதிக்கலாம். 5 கிலோ ஃபேனுக்கு 25 கிலோ அரிசி மூட்டையைக் கயிற்றில் கட்டி, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், கீழே யாரும் நிற்காதபடி தொங்கவிட வேண்டும். ஒரு மணி நேரம் கழித்துக் கம்பி வளையாமலும், சுற்றிலும் பூச்சு விரிசல் விடாமலும், ஆங்கர் ஒரு நூலளவுகூட இறங்காமலும் இருந்தால் ஃபேனை மாட்டலாம். ஷேக்கிள் போல்ட்டின் நட்டை முடுக்கி, அதன் ஸ்பிளிட் பின்னை விரித்துவிட வேண்டும். பின் இல்லாத நட், கொக்கி எவ்வளவு வலுவாக இருந்தாலும், அதிர்வில் தானே கழன்றுவிடும்.

பழைய கொக்கியை மெயினை அணைத்துவிட்டு, மேல் கிண்ணத்தைக் கீழே இறக்கி, டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். கம்பியின் மேல் கறுப்புப் பொடி படிந்திருந்தால் ரப்பர் தேய்ந்து இரும்போடு இரும்பு உரசுகிறது என்று பொருள். பெட்டியைச் சுற்றிப் பழுப்புக் கறையோ வட்டமான விரிசலோ தெரிந்தால் மாடியிலிருந்து நீர் இறங்குகிறது. துருவேறிய கம்பி பருத்து, தன்னைச் சுற்றியுள்ள கான்கிரீட்டையே பிளக்கிறது. ஷேக்கிள் உட்காரும் இடத்தில் கம்பி பள்ளமாகியிருந்தாலோ, துருவைச் சுரண்டிய பிறகு 8 மி.மீ.க்குக் குறைவாக இருந்தாலோ அந்தக் கொக்கியில் மறுபடி மாட்டக் கூடாது. அதன் மேல் வெல்டிங் வைப்பதும் பயன் தராது. பலவீனம் கான்கிரீட்டுக்குள் மறைந்திருக்கும் பகுதியிலும் இருக்கும். முதலில் நீர்க்கசிவை அடைத்துவிட்டு, விரிசல் இல்லாத கான்கிரீட்டில் சற்றுத் தள்ளி ஆங்கர் தகடு பொருத்தி, ஃபேனை அதற்கு மாற்ற வேண்டும்.