ஒரு கடையிலிருந்து பல கடைகளுக்கு: சூப்பர்வைசரின் ரெஸ்யூமே

சில்லறைக் கடை சூப்பர்வைசர் ஒருவர் ரீஜனல் ஆபரேஷன்ஸ் பதவிக்கு விண்ணப்பிக்கும்போது, ரெஸ்யூமேயின் குறிப்பு வரிகள் பெரும்பாலும் வேலைப் பட்டியலாகவே நின்றுவிடுகின்றன. ‘ஊழியர்களை மேற்பார்வையிட்டேன், ஸ்டாக்கைக் கவனித்தேன்’ என்பதை எந்த சூப்பர்வைசரும் எழுதலாம். பல கடைகளுக்குப் பொறுப்பேற்பவர் எல்லாக் கடைகளிலும் தினமும் நிற்க முடியாது. அதனால் தேர்வு செய்பவர் தேடுவது, அவர் இல்லாத இடத்திலும் ஓடக்கூடிய ஒரு முறையை உருவாக்கியவரைத்தான்.

ஸ்டாக் இழப்பை எடுத்துக்கொள்ளலாம். கணக்கில் இருந்து அலமாரியில் இல்லாத சரக்கின் மதிப்பை விற்பனையின் சதவீதமாகச் சொல்வதைக் கடைக்காரர்கள் ஷ்ரிங்கேஜ் என்பார்கள். மாதம் 60 லட்சம் ரூபாய் விற்கும் ஒரு சூப்பர்மார்க்கெட்டில் அது 1.4 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். திருட்டு என்றே எல்லாரும் நினைத்திருக்க, சூப்பர்வைசர் ரசீதுகளைப் புரட்டுகிறார். லாரியிலிருந்து இறங்கும்போதே பெட்டிகள் குறைவது தெரிகிறது. சரக்கு இறங்கும் நேரத்தில் இருவர் எண்ணிக் கையெழுத்திடும் முறையைக் கொண்டுவருகிறார். ஓராண்டில் இழப்பு 0.9 சதவீதமாகிறது. அரை சதவீதம் என்பது மாதம் 30,000 ரூபாய்.

இதை ‘ஷ்ரிங்கேஜைக் குறைத்தேன்’ என்று முடித்தால் பாதி போய்விடும். ‘சரக்கு இறக்கும் இடத்தில் இருவர் சரிபார்ப்பைத் தொடங்கி, ஷ்ரிங்கேஜை ஓராண்டில் 1.4 சதவீதத்திலிருந்து 0.9 ஆகக் குறைத்தேன். அதே படிவம் நகரின் மற்ற மூன்று கிளைகளிலும் பின்பற்றப்பட்டது’ என்பது முழு வரி. கடைசிப் பகுதிதான் ரீஜனல் பதவிக்கு உரியது. அது உண்மையாக நடந்திருந்தால் இந்த வரியே பட்டியலில் முதலில் வரவேண்டும். மற்ற கிளைகள் பின்பற்றவில்லை என்றால், படிவத்தை எழுதி வைத்ததையும் புதியவருக்குப் பயிற்சி கொடுத்ததையும் சொல்லலாம். மற்ற மூன்று கிளைகளில் குறைந்த இழப்பைத் தன் கணக்கில் சேர்ப்பது மட்டும் கூடாது. அங்கே உழைத்தவர் வேறொருவர்.

நேர்முகத்தில் இத்தகைய வரி உடைவது எண்ணில்தான். தீபாவளி மாத விற்பனையை அதற்கு முந்தைய மாதத்தோடு ஒப்பிட்டு ‘40 சதவீத வளர்ச்சி’ என்று எழுதினால், அனுபவசாலி ஒரே கேள்வியில் பிடித்துவிடுவார். சென்ற ஆண்டின் தீபாவளிக் காலத்தோடு ஒப்பிட்டால்தான் அது வளர்ச்சி. எதிரே இருந்த கடை மூடியதால் கூட்டம் வந்திருந்தால் அந்த எண்ணை விட்டுவிடுவது நல்லது. எண்ணை எந்த அறிக்கையிலிருந்து, எந்தக் காலத்துக்கு எடுத்தார் என்பதை விண்ணப்பிப்பவர் காகிதம் பார்க்காமல் சொல்ல வேண்டியிருக்கும். பழைய நிறுவனத்தின் விற்பனைத் தொகையை வெளியே சொல்லக்கூடாது என்றால் ரூபாயை விட்டுச் சதவீதத்தை மட்டும் எழுதலாம்.

இப்போதைய வேலைக்கு நான்கைந்து வரிகள் போதும். கேஷ் கவுண்டரைத் திறந்து மூடியது, யூனிஃபார்ம் சரிபார்த்தது போன்றவற்றுக்கு அங்கே இடமில்லை.